ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று யாராவது ஒருத்தியைப் பார்த்து எல்லாக் குடும்பத்திலும் சொல்வார்கள். இந்தக் கார் ஷோரூமில் அந்த நீளமான பட்டத்தைச் சுருக்கி அவளுக்குச் சக்கரம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரத்துக்குள் ஒட்டிக்கொண்ட பெயர். அவளுடைய அடையாள அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

பெயர் பொருத்தம்தான், தப்பே சொல்ல முடியாது. உட்கார்ந்த இடத்தில் அவளால் பத்து நிமிடம் இருக்க முடியாது. வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே எழுந்து போய் கண்ணாடிக் கதவைத் தள்ளிப் பார்ப்பாள், அது சரியாகத்தான் மூடியிருக்கும். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று போவாள், வெறுங்கையோடு திரும்பி வருவாள். இதற்கு முன்னால் செல்போன் கடையில் இருந்தாள், ஒரு விடுதியின் வரவேற்பில் இருந்தாள், கண்ணாடிக் கடையில் மூன்று மாதம் இருந்தாள். எங்கேயும் கால் பாவவில்லை. இங்கே மட்டும் ஆறு வருடம் தாக்குப்பிடித்துவிட்டாள். அதற்குக் காரணம், அவளே ஒப்புக்கொள்ளமாட்டாள், அந்தக் கடைசி மேசை அவளுக்குப் பிடித்திருந்தது.

கடைசி மேசை என்றால், வண்டியைப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, நிறத்துக்குச் சண்டை போட்டு, கடனும் கிடைத்து, இனி சாவியை வாங்கவேண்டியதுதான் என்று ஆன பிறகு வந்து உட்காரும் மேசை. மனசு ஏற்கெனவே வண்டிக்குள் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டிருக்கும். உடம்பு மட்டும் இங்கே இருக்கும். அந்த நேரம் பார்த்து இரண்டு விஷயங்களை விற்கவேண்டும். ஒன்று கூடுதல் வாரண்டி: கம்பெனி கொடுக்கும் மூன்று வருடம் முடிந்த பிறகு நான்காவது, ஐந்தாவது வருடத்துக்கும் எஞ்சின், கியர்பாக்ஸ், மின்சாரப் பாகங்கள் என்று பெரிய பழுதுகளைப் பார்த்துக்கொள்வது. இன்னொன்று சர்வீஸ் பேக்கேஜ்: ஐந்து வருடத்துக்கு ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது, அதற்கான கூலி எல்லாவற்றுக்கும் இப்போதே மொத்தமாகக் கட்டிவிடுவது. வாங்கினால் நிம்மதி என்று சொல்லித்தான் விற்பார்கள். நிம்மதி எந்தக் கடையிலும் சும்மா கிடைப்பதில்லை, இங்கே இரண்டும் சேர்ந்தால் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

"வேணுமா வேண்டாமான்னு கேக்காதே. எது வேணும்னு கேளு," என்பது மேலாளர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். இரண்டாவது பாடம், "இந்த விலை இன்னைக்கு மட்டும்னு சொல்லு." முதல் பாடத்தை அவள் ஓரளவு பின்பற்றினாள். இரண்டாவது பச்சைப் பொய் என்பதால் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஒருமுறை தையல்கடைக்காரம்மா ஒருத்தர் கூடுதல் வாரண்டி வேண்டவே வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போனார். சரியாக நான்காவது வருடத்தில் கியர்பாக்ஸ் படுத்துவிட்டது. அந்த அம்மா பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி மேசைக்கு வந்து, "நீயாவது அழுத்திச் சொல்லியிருக்கலாமே" என்றார். அதே வாரம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி எடுக்கிற, மூன்று வருடத்துக்கொருமுறை வண்டி மாற்றுகிற ஒரு பெரியவர் இரண்டு திட்டத்தையும் வாங்கியிருந்தது தெரியவந்தது. நான்காவது வருடத்தைப் பார்க்கப்போகாத வண்டிக்கு நான்காவது வருடத்துக்கு வாரண்டி. வாங்கவேண்டியவர்கள் வாங்குவதில்லை, வேண்டாதவர்கள் வாங்குகிறார்கள் என்று அவளுக்கு அன்றைக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அதிலிருந்து விலைப்பட்டியலை எடுப்பதற்கு முன்னால் கேள்விதான். எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், யார் ஓட்டுவார்கள், சர்வீஸ் எங்கே விடுவீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? இந்தக் கேள்விக்கு யாரும் உண்மையான பதில் சொல்வதில்லை. கணவர் ஒன்று சொல்வார், மனைவி அதைப் பிடித்துக்கொண்டு அதையே சொல்வார். அதனால் சக்கரம் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். இரண்டு பேரும் மனசுக்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளவேண்டும். அவள் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னதும் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கவேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகவே போகாது. எல்லாரும் சிரித்துவிடுவார்கள், பிறகு உட்கார்ந்து நிஜமாகக் கணக்குப் போடுவார்கள்.

இன்றைக்கு அவள் காலையிலிருந்தே நிலைகொள்ளாமல் அலைந்துகொண்டிருந்தாள். மாதக் கடைசி. அவள் விற்கவேண்டிய திட்டங்களில் ஒன்று குறைந்தது. குறைந்தால் அடுத்த மாதத்திலிருந்து மாடியில் தொலைபேசி அறை என்று மேலாளர் சொல்லிவிட்டார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, சர்வீஸுக்கு வாருங்கள் என்று நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பேசும் வேலை. சக்கரத்தை நாற்காலியில் உட்காரவைப்பதைவிடப் பெரிய தண்டனை அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

அதுகூடப் பரவாயில்லை. இன்றைக்குச் சாவி வாங்க வருகிற ஒரே ஆள் அவளுடைய சொந்த அக்கா.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். இவளைவிட ஒன்பது வயது பெரியவள். அம்மா போன பிறகு இவளுடைய பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டவள், கல்லூரிக்குப் பணம் கட்டியவள், இவள் ஒவ்வொரு வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கும்போதும் ஒரு வார்த்தை கேட்காமல் தட்டு வைத்தவள். இத்தனை வருடமாக இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இடது முழங்கால் இப்போது மடக்கினால் நீட்டவரவில்லை, நீட்டினால் மடக்கவரவில்லை. அதனால் கிளட்ச் மிதிக்கவேண்டாத ஆட்டோமேட்டிக் வண்டி. அக்காவின் பெயரில், அக்காவின் கடனில்.

நேற்றுத் தொலைபேசியில் அக்கா சொன்னாள், "எனக்கு இந்த வாரண்டி கீரண்டி எல்லாம் ஒண்ணும் புரியலைடி. நீ எங்க விரல வைக்கிறியோ அங்க கையெழுத்துப் போடறேன், அவ்வளவுதான்." பின்னாலிருந்து அத்தானின் குரலும் கேட்டது. "பாத்து. உன் தங்கச்சி சிரிச்சுக்கிட்டே தலையில கட்டிடுவா."

அத்தான் எப்போதும் இதைத்தான் சொல்வார். விளையாட்டாகத்தான் சொல்வார், ஆனால் விளையாட்டு என்று சொல்லி ஆறு வருடமாகக் குத்தினாலும் வலிக்கத்தானே செய்யும். அக்கா ஒரே ஒரு தடவை இவளைச் சந்தேகமாகப் பார்த்தாலும் போதும், இவளுக்கு இந்த உலகத்தில் நிற்க இடமில்லை. ஒன்று குறைகிற அந்தத் திட்டத்தை அக்காவிடம் விற்றுவிட்டால், அது அக்காவுக்காக விற்றதா தனக்காக விற்றதா என்று அவளுக்கே தெரியாமல் போய்விடும். அந்தப் பயம்தான் அவளைக் கண்ணாடிக் கதவுக்கும் மேசைக்குமாக விரட்டிக்கொண்டிருந்தது.

வந்தார்கள். அக்கா இஸ்திரி போட்ட உடையில், விசேஷத்துக்கு வந்தவள்போல. அத்தான் கைப்பேசியைப் பார்த்தபடி பின்னால். அவர் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர், மதியத்தோடு வேலை முடிந்துவிடும்.

"என்னடி இது, உக்காரவே மாட்டியா? எங்களுக்காவது ஒரு நாற்காலி போடு," என்றாள் அக்கா.

சக்கரம் உட்கார்ந்தாள். உடனே எழுந்து பேனா எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேலாளர் எட்டிப் பார்த்தார், ஒற்றை விரலைக் காட்டினார். ஒன்றுதான் குறைகிறது என்று அர்த்தம்.

யாருக்கு எப்படியோ அப்படியே அக்காவுக்கும் என்று அவள் முடிவுசெய்திருந்தாள். கேள்வியைக் கேட்கவேண்டும், பதில் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகவேண்டும். அதில் ஒளிவுமறைவு இல்லை. அந்த நேர்மைதான் அவளைக் கவிழ்த்தது.

"ரெண்டு பேரும் ஒரு நம்பர் நினைச்சுக்கோங்க," என்றாள். "வண்டி ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? நான் மூணு சொன்னதும் சேர்ந்து சொல்லணும். அத்தான், ஃபோன கீழ வைங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு."

"நாப்பத்தஞ்சு," என்றாள் அக்கா.

"இருநூறு," என்றார் அத்தான்.

சக்கரம் வழக்கம்போலச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. நாற்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் உள்ள வித்தியாசம் சிரிப்பு. இது வேறு ஏதோ.

அத்தான் கைப்பேசியை மறுபடி எடுத்துக்கொண்டார். "சும்மா ஒரு குத்துமதிப்பா சொன்னேன்."

"குத்துமதிப்புன்னா அம்பதுன்னு சொல்லுவாங்க," என்றாள் அக்கா. நோயாளியிடம் பேசுகிற நிதானமான குரல். "ஆஸ்பத்திரிக்குப் போக வர நாப்பத்தஞ்சு. மிச்சம் நூத்தம்பத்தஞ்சு எங்க போகுது?"

"இங்க வெச்சு என்ன பேச்சு?"

"இங்கதான இவ கேட்டா."

அத்தான் நெளிந்தார். பிறகு, மடமடவென்று கொட்டிவிட்டார். கிடங்குக்குப் பக்கத்துக் கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்க வண்டி கேட்கிறார்களாம். காலையில் ஒரு தடவை, மதியம் இரண்டு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கூட வேலைபார்ப்பவனின் தம்பி ஓட்டுவான். பேசி முடித்தாயிற்று. "நீ உள்ள வேலை பாக்கறப்ப அது வெயில்ல சும்மாதான நிக்கும்? ஓடினா தன்னோட கடனைத் தானே அடைச்சுக்கும். உனக்காகத்தான் யோசிச்சேன்."

"அப்ப நான் எப்படி வேலைக்குப் போவேன்?"

"இத்தன நாள் எப்படிப் போன?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

அக்கா மேசைக்கு அடியில் முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டாள். சக்கரத்துக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. விளையாட்டு விளையாடி ஒரு குடும்பத்தின் வயிற்றைக் கிழித்துப் போட்டாயிற்று, அதுவும் சொந்த அக்கா குடும்பத்தின் வயிற்றை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கூனிக்குறுகிப்போன அத்தான் அந்த இடத்திலிருந்து தப்பிக்க ஒரே வழியைக் கண்டுபிடித்தார். "சரி சரி, அதையெல்லாம் வீட்ல பேசிக்கலாம். நீ எழுதும்மா. வாரண்டி, சர்வீஸ், ரெண்டையும் போட்டுடு. நிறைய ஓடற வண்டிக்கு ரெண்டும் இருந்தாத்தான் நல்லது. போடு, போடு."

ஆறு வருடம் தலையில் கட்டுவாள் என்று சொன்னவர், இப்போது தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கண்ணாடி அறையில் மேலாளரின் முகம் மலர்ந்தது. ஒரு கையெழுத்து. மாடி இல்லை, தொலைபேசி இல்லை, நாற்காலி இல்லை. சக்கரத்தின் கை விலைப்பட்டியலை நோக்கிப் போனது. அதை மறுக்கவேண்டாம், போகத்தான் போனது. அக்கா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சக்கரம் பேனாவை மூடி வைத்தாள்.

"வேண்டாம் அத்தான். ரெண்டுமே வேஸ்ட்."

"என்னது?"

"இருநூறு கிலோமீட்டர்னா வருஷத்துக்கு அறுபதாயிரம். கம்பெனி வாரண்டி மூணு வருஷம், இல்லன்னா ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முதல்ல வருதோ அது. உங்களுக்கு ரெண்டாவது வருஷம் முடியறதுக்குள்ளயே லட்சம் வந்துடும். கூடுதல் வாரண்டி அஞ்சு வருஷம்னுதான் பேரு, அதுக்கும் ஒன்றரை லட்சம்தான் எல்லை. மூணாவது வருஷம் முடியறதுக்கு முன்னாடியே அதுவும் காலி. சர்வீஸ் பேக்கேஜ் அம்பதாயிரம் வரைக்கும். அது ஒரு வருஷம்கூடத் தாங்காது. அதுல பிரேக் பேடு, டயர் எதுவும் வராது, அதெல்லாம் தேயறது, தேயறதுக்கு யாரும் பொறுப்பு ஏத்துக்கமாட்டாங்க."

"பரவால்ல, இருக்கற வரைக்கும் இருக்கட்டும்."

"அதுவும் இருக்காது." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, தணித்துக்கொண்டாள். "இது சொந்த உபயோகத்துக்குப் பதிவு பண்ற வண்டி. வாடகைக்கு ஓட்டினா இந்தத் திட்டம் செல்லாது, தெளிவா போட்டிருக்கு. கியர்பாக்ஸ் போச்சுன்னு கொண்டுவந்தா, வொர்க்‌ஷாப்ல முதல்ல மீட்டரைத்தான் பாப்பாங்க. ஒரு நர்ஸோட வண்டி எப்படி இவ்வளவு ஓடும்னு கேப்பாங்க. அப்புறம் பதிவு, இன்சூரன்ஸ் எல்லாமே வாடகை வண்டிக்கு வேற. அதை மாத்தாம ஓட்டினா வாரண்டி போறது மட்டும் பிரச்சனையில்ல."

அத்தான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். அக்கா மெதுவாகக் கேட்டாள், "நாப்பத்தஞ்சுன்னா?"

"நாப்பத்தஞ்சுன்னா கதையே வேற. அஞ்சு வருஷத்துல எழுபதாயிரத்தக்கூடத் தொடாது. எத்தன வருஷம் வெச்சிருப்ப?"

"சாகற வரைக்கும்."

"அப்ப வாரண்டி வாங்கலாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒரு தடவை படுத்தா, இதோட விலையப்போல பல மடங்கு கேக்கும். படுக்காமயும் போகலாம், அப்ப குடுத்தது போனதுதான், அதையும் சொல்லிடறேன். சர்வீஸ் பேக்கேஜ் உனக்கு வேண்டாம். நீ ஓட்டற ஓட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை சின்ன சர்வீஸ்தான் வரும், அப்பப்பக் குடுத்துக்கலாம். ஆனா சர்வீஸ கம்பெனி இடத்துலதான், நேரத்துக்கு விடணும். பில்லை எல்லாம் வெச்சுக்கணும். ஒண்ணு தவறினாக்கூட வாரண்டி கேக்கறப்ப மூக்கை நுழைப்பாங்க."

மூச்சு விட்டாள். இனி சொல்லவேண்டியதுதான் கஷ்டம்.

"அதுவும் இன்னைக்கு வாங்காத அக்கா. முதல் வருஷம் முழுக்க இதே விலைதான். அதுக்கப்புறம் ஏறும், மூணு வருஷம் முடிஞ்சா குடுக்கவே மாட்டாங்க. வருஷம் முடியறதுக்குள்ள வந்தாப் போதும். வீட்டுக்குப் போங்க. இந்த வண்டி யாரோடதுன்னு முதல்ல பேசி முடிவு பண்ணுங்க. அது தெரியாம நான் எதையும் விக்கமாட்டேன்."

மேலாளர் கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்றுவிட்டார். பேச்சு கேட்காவிட்டாலும் மூடிவைத்த பேனாவின் அர்த்தம் அவருக்குத் தெரியும். சக்கரம் மாடிப்படியைப் பார்த்தாள். போகட்டும். நாற்காலியில் உட்கார்ந்து செத்தவர்கள் யாரும் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சமாதானமாகவில்லை.

அக்கா திட்டத்தின் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "வாடகைக்கு ஓட்டினா செல்லாதுன்னு சொன்னியே. அது எங்க இருக்கு?"

சக்கரம் விரலை வைத்துக் காட்டினாள்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தாள். உதடு அசைய இன்னொரு தடவை படித்தாள். பிறகு காகிதத்தை அத்தானின் முன்னால் தள்ளினாள். "நீங்களும் படிங்க."

அவர் படித்தார், அல்லது படிப்பதுபோல் குனிந்திருந்தார்.

"இதை எழுது," என்றாள் அக்கா. "வாரண்டி மட்டும்."

"இன்னைக்கே வேண்டாங்கறேன்ல அக்கா. அவசரமே இல்ல."

"எனக்கு இருக்கு."

"இந்தக் காகிதம் வண்டியப் பிடிச்சு நிறுத்தாது. மீறி ஓட்டினா, பழுதானா, செலவு உன் தலையில. அவ்வளவுதான் இதுக்கு சக்தி."

"என் தலையில இல்ல, அவர் தலையில," என்றாள் அக்கா. "கியர்பாக்ஸ் என்ன விலைன்னு இப்ப அவருக்கும் தெரியும். நாளைக்கு எவன் தம்பியாவது சாவி கேட்டு வந்தான்னா, நான் சண்டை போடமாட்டேன், அழமாட்டேன். நீங்க கையெழுத்துப் பக்கத்துல உக்காந்திருந்தீங்களேன்னு கேப்பேன். அந்த ஒரு வரிக்குத்தான் நான் இந்த விலை குடுக்கறேன். கியர்பாக்ஸ் எப்படியோ போகட்டும்."

சக்கரம் எழுதினாள். ஆறு வருடத்தில் எத்தனையோ காரணத்துக்கு மனிதர்கள் இந்தத் திட்டத்தை வாங்கிப் பார்த்திருக்கிறாள். பயத்துக்கு, பெருமைக்கு, மேலாளரின் தொல்லைக்கு. எது செல்லாது என்று எழுதியிருக்கிறதோ அதற்காகவே வாங்கிய முதல் ஆள் அக்கா.

"பாத்தியா," என்று அத்தான் சிரிக்க முயன்றார். "கடைசியில வித்துட்டா பாரு உன் தங்கச்சி."

அக்கா கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "நீங்க ரெண்டையும் போடுன்னு சொன்னப்ப அவ போட்டிருந்தா, நான் இந்த வண்டியே வேண்டாம்னு எழுந்து பஸ்ஸுக்குப் போயிருப்பேன். அவ கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

சக்கரம் தன் கையைப் பார்த்தாள். போன கையைத்தானே அக்கா பார்த்தாள்? நின்ற கையையும் பார்த்தாளா? கேட்காமல் சாவியை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள்.

வெளியே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அத்தான் பழக்கப்பட்டவர்போல ஸ்டீயரிங் பக்கத்துக் கதவுக்குப் போனார். அக்கா சாவியோடு அங்கேயே நின்றாள். அவர் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் ஏறினார். அக்கா இருக்கையை முன்னால் இழுத்து, முழங்காலை மெல்ல உள்ளே வைத்து, கதவைச் சாத்தினாள். தடுமாறி, ஒரு குலுக்கலோடு, வண்டி தெருவில் இறங்கியது. அவர்கள் இரண்டு பேரும் உள்ளே பேசுகிறார்களா என்று வெளியிலிருந்து தெரியவில்லை.

மேலாளர் கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "கடைசி நிமிஷத்துல அடிச்சிட்ட! நான் பயந்தே போயிட்டேன். என்ன சொல்லி மடக்கின? சொல்லு, மத்தவங்களுக்கும் சொல்லிக்குடுக்கலாம்."

"வாங்காதேன்னு சொன்னேன்," என்றாள் சக்கரம்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டுதான்: அடுத்த மாதம் மாடிக்குப் போகவேண்டாம், வேண்டாம் என்று சொல்லியும் தன் கையால்தான் அது எழுதப்பட்டது. அக்கா வீட்டில் சாயங்காலம் என்ன நடக்கும் என்று தெரியாது. நாளைக்குச் சாவி வாங்கவேண்டிய இருவர் இன்றைக்கே வந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள்போல, ஒருவர் விரலை ஒருவர் பிடித்துக்கொண்டு. சக்கரம் உட்காராமல் நின்றுகொண்டே அவர்களைப் பார்த்தாள். முதல் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, அதைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.